‘அன்பே சிவம்’: நான்கு அடியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஆன்மிகக் கட்டுரையில், “அன்பே சிவம்” என்று மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் ‘திருமந்திரம் 270’ என்று அச்சிட்டிருந்தீர்கள். எண்ணையும் சேர்த்துக் கொடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி. பெரும்பாலும் ‘திருமூலர் சொன்னது’ என்பதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த எண்ணைத் தேடிப் போகிற வாசகருக்கு ‘அன்பே சிவம்’ என்ற இரண்டு சொல் அந்த வடிவில் கிடைக்காது. கிடைப்பது இதுதான்:

அன்பு சிவம்இரண் டென்பர் அறிவிலார்
அன்பே சிவமாவ தாரும் அறிகிலார்
அன்பே சிவமாவ தாரும் அறிந்தபின்
அன்பே சிவமாய் அமர்ந்திருந் தாரே.

‘அன்பே சிவமாவது’ என்று இருமுறை, ‘அன்பே சிவமாய்’ என்று ஒருமுறை. சுருக்கிச் சொல்வது தவறில்லை. மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டால் மட்டும் அது மூலத்தின் சொல்லாகவே இருக்க வேண்டும்.

இதைவிட என்னை உறுத்துவது முதல் அடி. அழைப்பிதழ், நினைவு மலர், கோயில் சுவர் என்று எங்கே பார்த்தாலும் ‘அன்பும் சிவமும் இரண்டென்பர் அறிவிலார்’ என்றே இருக்கிறது. நான் முப்பது வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மேசையைத் தட்டிக்கொண்டே இந்தப் பாட்டைச் சொல்லச் சொல்வேன். ‘அன்பும் சிவமும்’ என்று மனப்பாடம் செய்து வந்த பிள்ளை ‘இரண்டென்பர்’ வரைக்கும் ஓடிவந்து, ‘அறிவிலார்’ என்ற இடத்தில் தடுக்கி நிற்கும். காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. இந்தப் பாட்டு முழுக்க வெண்டளையில் நடக்கிறது. மாச்சீருக்குப் பிறகு நிரையசை, விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பிறகு நேரசை வர வேண்டும். ‘இரண்டென்பர்’ காய்ச்சீர். அடுத்து வரும் ‘அறிவிலார்’ நிரையில் தொடங்குகிறது. தளை அங்கே உடைகிறது. ‘அன்பு / சிவம்இரண் / டென்பர் / அறிவிலார்’ என்று பிரித்துப் பாருங்கள், எங்கும் தட்டாது. மற்ற மூன்று அடிகளையும் இப்படியே அலகிட்டுப் பார்க்கலாம், ஓர் இடத்தில்கூடத் தளை தட்டவில்லை. ‘சிவமிரண்டு’ என்று புணர்ந்து கிடப்பதை எளிதாகப் படிக்கப் பிரித்தவர்கள், பொருளுக்காக ‘உம்’ சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம், பொருள். நடு இரண்டு அடிகளில் ‘ஆரும்’ ஒன்றுபோலவே வருகிறது. ஆனால் ‘ஆரும் அறிகிலார்’ என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை. ‘ஆரும் அறிந்தபின்’ என்றால் யாராக இருந்தாலும், அறிந்துவிட்ட பிறகு. ஒரே சொல், வினை எதிர்மறையிலிருந்து உடன்பாட்டுக்குத் திரும்பியதும், கதவை அடைத்ததே கதவைத் திறந்துவிடுகிறது. பிறகு ‘அமர்ந்திருந்தாரே’. அறிந்தவர் அன்பே சிவமாக அமர்ந்துவிட்டார். அறியாமையில் தொடங்கி அறிவுக்கு வந்து அமைதியில் முடிகிற பாட்டு இது. இரண்டு சொல்லாகக் கத்தரித்தால் இந்த நடை முழுவதும் போய்விடுகிறது.

இதே பகுதியில் கொஞ்சம் தள்ளி ‘என்பே விறகா இறைச்சி அறுத்திட்டு’ என்று ஒரு பாட்டு வருகிறது. எலும்பை விறகாக்கி, தசையை அறுத்துப் போட்டுத் தீயில் பொரிய வறுத்தாலும், அன்போடு உருகி அகம் குழைகிறவர்களுக்கே அவன் கிடைப்பான் என்கிறார். ‘அன்பே சிவம்’ என்பதை இதமான வாழ்த்துச் சொல்லாக மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மூலன் உரைசெய்த மூவாயிரந் தமிழ்’ என்று நூலே சொன்னாலும், இன்று அச்சில் உள்ள பதிப்புகளில் பாடல் தொகை ஒன்றாக இல்லை. பாயிரத்தில் எத்தனை பாடல் வைப்பது என்பதிலேயே அவை ஒத்துப்போவதில்லை. அங்கே சில பாடல்கள் கூடினாலோ குறைந்தாலோ பின்னால் வரும் எண் எல்லாம் நகர்ந்துவிடும். உங்கள் 270, இன்னொருவர் வீட்டுப் புத்தகத்தில் வேறு பாட்டாக இருக்கலாம். அதனால் எண்ணோடு ‘முதல் தந்திரம், அன்புடைமை’ என்றும் போடுங்கள். தந்திரமும் தலைப்பும் தெரிந்தால் எந்தப் பதிப்பிலும் ஒரு நிமிடத்தில் பாட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்த இதழில் ஓரமாக ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கி, இந்த நான்கு அடியையும் சீர் பிரித்து அச்சிட்டால் போதும். ‘அன்பு சிவம்’ என்பதைப் பிழை திருத்துகிறவர் ‘அன்பும் சிவமும்’ என்று மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்