இல்லாத கைக்குச் சான்றிதழ் கேட்காதீர்கள்

பிரித்தானிய விசா விண்ணப்பங்களுக்குக் கைரேகை எடுக்கும் நிலையத்தின் பொறுப்பாளர்களுக்கும், நேர்காணல் நடத்தும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

முல்லைத்தீவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணைச் சென்ற மாதம் கைரேகை எடுக்கும் மேசையிலிருந்து திருப்பி அனுப்பினீர்கள். அவருக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. இரண்டு காதும் கேட்காது. இரண்டும் 2009இல் ஷெல் வீச்சில் போனவை. கை இல்லை என்பதற்கு வைத்தியச் சான்று கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறார்கள். அதுவும் வாயால் சொன்னது, அவருக்குக் கேட்கவில்லை. கூட வந்த தங்கையை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வலது கையின் நான்கு விரல், இடது கையின் நான்கு விரல், பிறகு இரண்டு பெருவிரல் என்று அது கேட்கும். இல்லாத விரல்களை ஊழியர் முதலிலேயே ‘இல்லை’ என்று குறிக்காவிட்டால், அது பத்தையும் எதிர்பார்த்துக்கொண்டு பிழை காட்டும். குறித்துவிட்டால் இருக்கும் ஐந்து விரல் போதும். ஒரு விரலுமே இல்லாதவருக்குப் புகைப்படம் மட்டும் எடுக்கலாம். கண்ணால் பார்த்தாலே தெரிகிற குறைக்குக் கடிதம் எதற்கு? தெரியாத குறைக்கே கடிதம் தேவை.

அதனால் நாங்கள் கேட்பது இதுதான்: நேரம் பதிவு செய்யும்போதே விண்ணப்பதாரரின் தேவையை எழுத்தில் வாங்குங்கள், என்ன ஒழுங்கு செய்வீர்கள் என்று எழுத்திலேயே பதில் தாருங்கள். கூட ஒருவர் உள்ளே வருவது, கேள்விகளை எழுதிக் காட்டுவது, சக்கர நாற்காலிக்கு வழி, இவ்வளவும் அந்தப் பதிலில் இருக்கட்டும். மேசையில் இருப்பவர் அந்தத் தாளைப் பார்த்தால் போதும்.

நேர்காணலிலும் இதே கதைதான். காது கேட்காதவருக்குத் தொலைபேசியில் அழைத்தால் அவர் எடுக்கமாட்டார். அதைப் ‘பதிலளிக்கவில்லை’ என்று எழுதினால் விண்ணப்பமே விழுந்துவிடும்.

அடுத்தது மொழித் தேர்வு. பிரித்தானியாவில் இருக்கும் கணவரிடம் போக முதலில் ஏ1 தரத்தில் ஆங்கிலம் பேசவும் கேட்டு விளங்கவும் தெரிந்திருக்க வேண்டும். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு விலக்கு உண்டு. உடல் அல்லது மனநிலை காரணமாக அந்தத் தேவையை நிறைவேற்ற முடியாதவருக்கும் உண்டு. ஆனால் குறை இருப்பது மட்டும் போதாது. அந்தக் குறைதான் தடுக்கிறது என்று காட்ட வேண்டும். இங்கேதான் எங்கள் பக்கத்துக் கடிதங்கள் தோற்கின்றன. கிளினிக்கில் ‘இவர் பரீட்சைக்குத் தகுதியற்றவர்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பார்கள். அது நிற்காது.

இந்தப் பெண்ணுக்கு அந்தக் கடிதத்தை எழுத வேண்டியவர் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர். பரிசோதித்த திகதி, ஓடியோகிராமில் இரண்டு காதிலும் 90 டெசிபலுக்கு மேல் இழப்பு, அது நிரந்தரம், கேட்கும் கருவி போட்டால் சத்தம் வருகிறது ஆனால் சொல் பிரியவில்லை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். முக்கியமானது அடுத்த வரி. உதட்டைப் பார்த்து விளங்குவோருக்குத் தேர்வில் தனி ஒழுங்கு கிடைக்கும்; அப்படியிருந்தும் இவரால் ஏன் முடியாது என்று அதிகாரி கேட்பார். இவர் காது போகுமுன் தமிழைக் கேட்டு வளர்ந்தவர், அதனால் தமிழ் உதட்டசைவு தெரியும். ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகியதே இல்லை, இனிக் கேட்டுப் பழகவும் வழியில்லை. இதை நிபுணரே தன் சொற்களில் எழுதி, பதிவு எண்ணும் முத்திரையும் இட்டு, ஆங்கிலத்தில் தர வேண்டும்.

இவ்வளவும் கொண்டுவந்த ஒருவரிடம் ‘காயப்பட்டபோது சேர்த்த ஆஸ்பத்திரியின் பதிவு எங்கே?’ என்று கேட்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி? புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி 2009 பெப்ரவரி தொடக்கத்தில் ஷெல் அடிக்குள் கைவிடப்பட்டது. பிறகு புதுமாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் வைத்தியம் நடந்தது. அங்கிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குப் போனவர்கள் சிலரிடம் ஒரு சீட்டு இருக்கலாம். மற்றவர்கள் உடுத்த துணியோடு முகாமுக்கு வந்தவர்கள். அந்தத் தாளை எங்களால் உண்டாக்க முடியாது. இன்றைய நிலையை இன்று பரிசோதித்த நிபுணரின் கடிதம்தான் சான்று. பழைய சீட்டு இருந்தால் துணைக்கு வைக்கட்டும். இல்லையென்றால் அதைச் சாட்டி விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

தயவுசெய்து, தேவையை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி எழுத்தில் பதில் தாருங்கள். திருப்பி அனுப்பிய அந்தப் பெண்ணுக்கு, மறுபடி கட்டணம் கேட்காமல், தங்கையும் கூட உள்ளே வரும்படி ஒரு புதிய நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் விண்ணப்பப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்போர்