பிபிடி அனுப்புற எங்க டிபார்ட்மென்ட் சார், மேடம் எல்லாருக்கும்: ஸ்லைடு தலைப்பு பத்தி ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

நான் பிசியோதெரபி முதல் வருஷம். எனக்கு பார்வை ரொம்பக் குறைவு, நீங்க அனுப்புற பிபிடி எல்லாத்தையும் என்விடிஏ ஸ்க்ரீன் ரீடர் வெச்சு கேட்டுத்தான் படிக்கிறேன். போன வாரம் வந்த கிட்னி யூனிட்ல 38 ஸ்லைடு. ஹென்லி லூப் பத்தி ஒரு சந்தேகம் வந்து அந்த ஸ்லைடை தேடினேன். இடது பக்க லிஸ்ட்ல அம்புக்குறியை தட்டிக்கிட்டே போனா "நெஃப்ரான்", "நெஃப்ரான்", "நெஃப்ரான் கன்டின்யூட்", அப்புறம் வெறும் நம்பர், அப்புறம் மறுபடி "நெஃப்ரான்". இப்படி 11 ஸ்லைடு, ஒவ்வொண்ணா உள்ள போய் முழுசா கேட்டுத்தான் கண்டுபிடிச்சேன், அரை மணி நேரம் போச்சு.

அந்த வெறும் நம்பர் வந்த ஸ்லைடுலயும் தலைப்பு இருக்குன்னு ஃப்ரெண்டு பாத்து சொன்னான், பெரிய எழுத்துல, போல்டுல. ஆனா அது Blank லேஅவுட்ல நீங்களா போட்ட டெக்ஸ்ட் பாக்ஸ். கண்ணுக்கு அது தலைப்பு மாதிரி தெரிஞ்சாலும் பவர்பாயிண்ட் தலைப்புக்குன்னு வெச்சிருக்கிற பெட்டிக்குள்ள இருக்கிறதை மட்டும்தான் தலைப்பா எடுத்துக்கும். இதை நீங்களே பாக்கலாம், View போய் Outline View அழுத்துங்க, நம்பருக்குப் பக்கத்துல காலியா இருக்கிற ஸ்லைடுக்கெல்லாம் தலைப்பு இல்லைன்னு அர்த்தம், டெக்ஸ்ட் பாக்ஸ்ல போட்டது எதுவுமே அங்க வராது.

சரி பண்றது ரொம்ப சின்ன வேலைங்க. அந்த ஸ்லைடுல நின்னு Home, Layout, Title Only குடுத்தா தலைப்புப் பெட்டி வந்துடும், டெக்ஸ்ட் பாக்ஸ்ல இருக்கிற வார்த்தைகளை கட் பண்ணி அதுல பேஸ்ட் பண்ணிட்டு பழைய பாக்ஸை அழிச்சிடுங்க. பெட்டியை தெரியாம அழிச்சிருந்தீங்கன்னா Reset கொண்டு வந்துடும், ஆனா அது நீங்க நகர்த்தி வெச்ச மத்த பெட்டிகளையும் பழைய இடத்துக்கே தள்ளிடும், பாத்து பண்ணுங்க.

அடுத்தது ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வர்ற விஷயம். மேடம், இதுதான் எனக்கு பெரிய கஷ்டம். Check Accessibility ஓட்டினா தலைப்பு இல்லாததையும் ஒரே மாதிரி இருக்கிறதையும் காட்டிடும், ஆனா "நெஃப்ரான் 1", "நெஃப்ரான் 2"ன்னு மாத்திட்டா அது சும்மா விட்டுடும், ஏன்னா எழுத்து வேற வேற. கேக்கிற எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதனால அந்த ஸ்லைடு என்ன சொல்லுதோ அதையே தலைப்பா போடுங்க. "குளோமெருலஸ்: நிமிஷத்துக்கு சுமார் 125 மில்லி வடிகட்டல்". அடுத்தது "பிசிடி: சோடியமும் தண்ணியும் சுமார் 65% திரும்ப உறிஞ்சப்படுது". அப்புறம் "ஹென்லி லூப் இறங்கு பக்கம்: தண்ணி வெளிய போகும்", "ஹென்லி லூப் ஏறு பக்கம்: உப்பு வெளிய போகும், தண்ணி போகாது". இந்த நாலு வரியை அவுட்லைன்ல கேட்டாலே பாடத்தோட வரிசை மனசுல நிக்குது, எந்த ஸ்லைடுக்கு போகணும்னும் தெரியுது. ஸ்லைடு ஷோ ஓடும்போது Ctrl+S அழுத்தினா வர்ற லிஸ்ட்லயும் இதே தலைப்புங்கதான் வரும், அதனால கிளாஸ்ல யாராவது பின்னாடி ஸ்லைடை கேட்டா நீங்களும் தேட வேண்டியதில்ல. முக்கியமான வார்த்தையை முதல்ல வைங்க, அடுத்த ஸ்லைடுக்கு தாவலாமா வேண்டாமான்னு முதல் ரெண்டு வார்த்தையிலயே முடிவு பண்ணிடுவேன்.

தமிழ் மீடியம் பசங்களுக்காக சார் தனியா போடுற ஸ்லைடு பத்தியும் ஒண்ணு. பாமினி ஃபான்ட்ல அடிச்ச தலைப்பு திரையில "தமிழ்"னு தெரிஞ்சாலும் உள்ள இருக்கிறது `jkpo;` தான், ஸ்க்ரீன் ரீடர் அதைத்தான் படிக்கும், அந்த Ctrl+S லிஸ்ட்லயும் அப்படியேதான் வரும். யூனிகோடுல அடிச்சீங்கன்னா நேரா தமிழ்லயே கேக்கும்.

அடுத்து இதயம் யூனிட் வருது. ஈசிஜி படம் ஸ்லைடு முழுக்க அடைச்சுக்கிட்டு இருக்கும், தலைப்புக்கு இடமே இல்லன்னு சொல்வீங்க, தெரியும். இப்போ இருக்கிற பவர்பாயிண்ட்ல Accessibility டேப்ல Slide Title கிட்ட Add Hidden Slide Title இருக்கு, அது தலைப்பை ஸ்லைடுக்கு மேல வெளியில வெச்சிடும், ப்ரொஜெக்டர்ல தெரியாது, அவுட்லைன்ல வரும். அதுல "பி வேவ்: ஏட்ரியம் டீபோலரைஸ் ஆகுது", "க்யூஆர்எஸ்: வென்ட்ரிக்கிள் டீபோலரைஸ் ஆகுது"ன்னு போட்டு அனுப்புங்க. படத்துல இருக்கிற கோடு எனக்கு அப்பவும் தெரியாது, அதுக்கு படத்தை வார்த்தையில சொல்ற ஆல்ட் டெக்ஸ்ட் தனியா வேணும், ஆனா எந்த ஸ்லைடுல நிக்கிறேன்னாவது தெரிஞ்சிடும், மிச்சத்தை பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கேட்டுக்குவேன்.

இப்படிக்கு,
உங்க முதல் வருஷ ஸ்டூடன்ட்