இராத் தங்க வருகிறவர்கள்

தஞ்சாவூர்,
செவ்வாய் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. விடிகாலை ஐந்தரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த பெண், முன்பின் தெரியாத ஒரு பையன் ஹாலில் பாய் விரித்துத் தூங்குவதைப் பார்த்தால் பயப்படத்தான் செய்வாள். அவன் உன் கூட இருக்கும் பிள்ளையின் சித்தப்பா மகன் என்பது உனக்குப் பிறகுதானே தெரிந்தது? வெள்ளி இரவு வந்தவன் திங்கள் வரை இருந்திருக்கிறான். மூன்று நாளும் நீ அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

"இனிமேல் யாரும் வரக்கூடாதுன்னு சொல்லிடப் போறேன்" என்றாய். அப்படிச் சொல்லாதே, கண்ணு. அவளும் பாதி வாடகை கொடுக்கிறாள். யாருமே வரக்கூடாது என்றால், நீ ஊருக்கு வரும் நாளாகப் பார்த்து உனக்குத் தெரியாமல் வரவழைப்பாள். அது இதைவிடக் கஷ்டம்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் திருவல்லிக்கேணியில் ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவள் அக்கா ரெண்டு நாளைக்கு என்று வந்து மூன்று வாரம் இருந்தார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே மனதில் வைத்துப் புழுங்கி, கடைசியில் ஒரு பக்கெட் தண்ணீருக்காகக் கத்திவிட்டேன். அதோடு அந்த நட்பு போயிற்று. எத்தனை நாள் இருப்பார் என்று முதல் நாளே கேட்டிருக்கலாம்.

சொல்வது வேறு, கேட்பது வேறு. இதை முதலில் ரெண்டு பேரும் பிரித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஒரு ராத்திரி தங்கிப் போகிற தோழி என்றால் முந்தின நாளே சொன்னால் போதும். ஆண்கள் வந்தாலும், வேலை நாளில் யார் வந்தாலும், ஒரு ராத்திரிக்கு மேல் தங்கினாலும் கேட்க வேண்டும். அதையும் மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமை வருகிறவருக்குச் செவ்வாய்க்கிழமையே. யார், எப்போது வருகிறார், எப்போது கிளம்புகிறார் என்று மூன்றும் இருக்க வேண்டும். கிளம்பும் நாளைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், நீ அதை விடாதே. அப்புறம், வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தால் சம்மதம் ஆகாது. "சரி" என்று பதில் வந்தால்தான் சரி.

நடுராத்திரி பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு தோழி வந்து நின்றால் மூன்று நாள் கணக்குப் பார்க்க முடியாது. அப்போது மெசேஜ் போதாது, போன் செய்து எழுப்பியாவது சொல்ல வேண்டும்.

தொடர்ந்து ரெண்டு ராத்திரி, மாதத்துக்கு மொத்தம் நான்கு என்று வைத்துக்கொண்டால் ரெண்டு பேருக்கும் தாங்கும். அதற்கு மேல் போனால் விருந்தாளி குடித்தனக்காரர் ஆகிவிடுவார். பாத்ரூமில் அவருடைய பிரஷ் நிரந்தரமாக நிற்கும், அவர் பெயருக்குக் கூரியர் வரும். அக்ரிமென்ட்டில் உங்கள் ரெண்டு பேர் பெயர்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் கேட்டால் ரெண்டு பேருமே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உன் வீட்டில் பாத்ரூம் ஒன்றுதான். உனக்கு எட்டு மணிக்கு ஆபீஸ் கேப் வந்துவிடும். அதனால் ஆறரையிலிருந்து ஏழரை வரை வந்தவர் அங்கே போகக்கூடாது என்று இப்போதே சொல்லிவிடு. சின்ன கீசர், மூன்றாவது ஆள் குளித்தால் உனக்குப் பச்சைத் தண்ணீர்தான். வந்தவர் அவள் அறையில்தான் படுக்க வேண்டும், ஹாலில் கூடாது. அவள் இல்லாத நேரத்தில் அவரை வீட்டில் தனியாக விடக்கூடாது, சாவியும் தரக்கூடாது. இந்தச் சாவி விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் இறங்கிப் போகாதே.

இதை அவன் கிளம்பின சூட்டோடு பேசாதே. ஞாயிறு சாப்பாடு முடிந்து ரெண்டு பேரும் சும்மா இருக்கும்போது, "அன்னைக்கு நான் பயந்துட்டேன், முன்னாடியே தெரிஞ்சிருந்தா பயந்திருக்க மாட்டேன்" என்று ஆரம்பி. "உன் அண்ணன் செய்தது தப்பு" என்று ஆரம்பித்தால் அவள் அண்ணனுக்காகத்தான் பேசுவாள். அவளுக்கு என்ன கஷ்டம் என்றும் கேள். போன தீபாவளிக்கு முன்னால் உன் தோழிகள் மூன்று பேர் வந்து விடிய விடியப் பேசினீர்களே, மறுநாள் அவளுக்குப் பரீட்சை இருந்ததாக நீதான் என்னிடம் சொன்னாய்.

பேசி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே மெசேஜாக எழுதி அவளுக்கு அனுப்பிவிடு. ரெண்டு மாதம் கழித்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள், ஒத்துவராததை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் நானும் அப்பாவும் நான்கு நாள் வருவதாகச் சொன்னோம் அல்லவா? அந்தப் பிள்ளைக்கு நாங்களும் இராத் தங்க வருகிறவர்கள்தான். தொடர்ந்து ரெண்டு ராத்திரி என்று நீங்கள் பேசி வைக்கிற கணக்குக்கு நான்கு நாள் அதிகம் வேறு. அப்பா மைசூர் எக்ஸ்பிரஸுக்கு இன்றே டிக்கெட் போடுகிறேன் என்றார், நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ அவளிடம் கேட்டுவிட்டுச் சொல். ரெண்டு நாள்தான் முடியும் என்றாள் என்றால் ரெண்டு நாளே வருகிறோம்.

அன்புடன்,
அம்மா