சீட்டில் '100-க்கு மேல்' என்று எழுதும் குழந்தைகள் நல மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடையில் நின்று, நீங்கள் எழுதும் சீட்டுகளைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பவன் நான். உங்கள் கையெழுத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை, அது பழகிவிட்டது. என் குறையெல்லாம் நீங்கள் தெளிவாக எழுதும் ஒரு வரியைப் பற்றித்தான். பாராசிட்டமால் சிரப்பின் பெயருக்குக் கீழே அது வரும்: "100-க்கு மேல் இருந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, எஸ்.ஓ.எஸ்."

எஸ்.ஓ.எஸ். என்பதைக் கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபயக் குரல் என்றே பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். 'சி ஓபஸ் சிட்' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் அது என்பதும், 'தேவைப்பட்டால்' என்பதே அதன் பொருள் என்பதும் உங்களுக்குத் தெரியும். தேவை எது என்று முடிவுசெய்ய அந்தத் தாய்க்கு நீங்கள் தந்திருப்பது 100 என்ற எண் ஒன்றுதான். காய்ச்சல் என்று நீங்கள் கணக்கில் எடுப்பதே 100.4 டிகிரியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பே வீட்டில் மூடியில் மருந்து ஊற்றிவிடுகிறார்கள்.

சென்ற மழைக்காலத்தில், இரவு பதினொன்றரை மணிக்கு நான் கதவை இழுத்துக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் பைக்கில் வந்து நின்றார். குழந்தைக்கு ஒன்றேகால் வயது, பத்துக் கிலோ எடை, இரண்டாம் நாள் காய்ச்சல். "ஒன்பது மணிக்கு 103 இருந்தது அண்ணே, மருந்து கொடுத்தேன். இப்போதும் 101. இறங்கவே மாட்டேன் என்கிறது. இதைவிட வேகமானது ஏதாவது கொடுங்கள்" என்றார். குழந்தை என்ன செய்கிறது என்று கேட்டேன். தூங்குகிறதாம். தூங்குவதற்கு முன்பு? தாத்தாவின் கண்ணாடியைப் பிடுங்கி விளையாடியதாம், அரைக் கிண்ணம் கஞ்சி குடித்ததாம், எட்டு மணிக்குச் சிறுநீரும் கழித்திருக்கிறது. இதையெல்லாம் அவர் ஏதோ தொடர்பில்லாத வீட்டுக் கதையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, மறுபடி 101 என்ற எண்ணுக்கே வந்தார். அந்தக் குழந்தையை எழுப்பி மருந்து கொடுக்கத்தான் அவர் ஓடி வந்திருந்தார்.

மருந்து வேலை செய்யவில்லை என்பது அவர் கணக்கு. உண்மையில் அது தன் வேலையை முழுதாகச் செய்து முடித்திருந்தது. நோய்த்தொற்றில் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ், உடம்பின் வெப்ப அளவைத் தானே உயர்த்தி வைக்கிறது. வெப்பம் அந்த அளவை எட்டும் வரை கை கால் சில்லிடும், நடுக்கம் எடுக்கும். பாராசிட்டமால் அந்த அளவைக் கொஞ்சம் கீழே தள்ளும், கிருமியை அது தொடாது. 103-லிருந்து 101-க்கு வந்ததே அந்த மருந்தால் ஆகக்கூடியது. 98.6 ஆகும் வரை மருந்து ஊற்றிக்கொண்டே இருப்பவர், சிரப்பிடம் இல்லாத ஒன்றை அதனிடம் கேட்கிறார்.

பாட்டிலைக் காட்டச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அங்கேதான் எனக்குப் பகீரென்றது. மருத்துவர் எழுதியது 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப், வேளைக்கு 6 மில்லி. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பத்துக் கிலோவுக்கு 150 மில்லிகிராம், சரியான அளவு. அந்த பாட்டில் முதல் நாளே தீர்ந்துபோக, வேறொரு கடையில் சீட்டில்லாமல் இன்னொன்று வாங்கியிருக்கிறார். அது 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளது. பெயர் ஒன்று, பெட்டியின் நிறம் ஏறக்குறைய ஒன்று, ஊற்றியதும் அதே 6 மில்லி. வேளைக்கு 300 மில்லிகிராம் ஆகிவிட்டது. அன்று பகலிலிருந்து மூன்று முறை, ஆக 900. ஒரு நாளைக்கு நான்கு வேளை என்று வைத்தாலும் அந்த எடைக்கு 600-ஐத் தாண்டக் கூடாது. நான்காவது முறைக்காக அவர் என் கடை வாசலில் நிற்கிறார். சீட்டிலிருந்த தொலைபேசி எண்ணில் அப்போதே மருத்துவரை அழைக்க வைத்தேன். இனி ஒரு சொட்டும் வேண்டாம், விடிந்ததும் குழந்தையை அழைத்து வாருங்கள் என்று அவர் சொன்னார். நல்லவேளை, எடுத்தார்.

பாட்டில் மாறியது கடைக்காரர் பிழை, என் இனத்தார் பிழை, ஒப்புக்கொள்கிறேன். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் மோசம். ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், அதைச் சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தகப்பனை ஒரே நாளில் மூன்று முறை பாட்டிலைத் திறக்க வைத்ததும், நான்காவதற்கு விரட்டியதும் எது? அரை மணிக்கு ஒரு தரம் கக்கத்தில் வைத்து எடுத்த எண்.

இது நானாகக் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2011-இலேயே, காய்ச்சல் மருந்தின் முதல் நோக்கம் குழந்தையின் அவதியைக் குறைப்பது, வெப்பத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருவது அல்ல என்று எழுதியது. இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டுதலும் வெப்பத்தை இறக்குவதற்காக மட்டும் மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து இறக்குவதையும் வேண்டாம் என்கிறது. உங்கள் மாநாடுகளில் இதையெல்லாம் பேசுகிறீர்கள் என்றும் அறிவேன். பேசியது சீட்டில் வந்து சேரவில்லை.

ஏன் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. 'குழந்தை அவதிப்பட்டால்' என்று எழுதினால் அவதி என்றால் என்ன என்று பத்து நிமிடம் விளக்க வேண்டும், வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். எண் சண்டை போடாது. அதோடு, நாளை குழந்தைக்கு ஏதாவது ஆனால் "காய்ச்சலுக்கு மருந்தே கொடுக்கவில்லை" என்ற பழி உங்கள் மேல் விழும். எல்லாவற்றுக்கும் அடியில் ஜன்னி பயம் இருக்கிறது. "ஜுரம் தலைக்கேறிவிடும், வலிப்பு வந்துவிடும்" என்று பாட்டிகள் சொல்வதைத்தான் தெர்மாமீட்டர் இப்போது பாதரசம் இல்லாமல் 'பீப்' ஒலியோடு சொல்கிறது. காய்ச்சல் வலிப்பு வரும் வாய்ப்புள்ள குழந்தைக்கு, அடுத்த காய்ச்சலில் வேளை தவறாமல் பாராசிட்டமால் கொடுத்தாலும் வலிப்பைத் தடுக்க முடிவதில்லை என்று உங்கள் துறையே சொல்கிறது. அந்த ஒரு செய்தியைச் சீட்டு கொடுக்கும்போது வாயால் சொல்லிவிட்டால், நள்ளிரவில் குழந்தைகளை எழுப்புவது பாதி நின்றுவிடும்.

எண்ணை இறக்கும் வெறி என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. நிமெசுலைட் சிரப்பை நான் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக விற்றிருக்கிறேன். பாராசிட்டமாலைவிடச் சட்டென்று இறக்குகிறது என்பதே அதற்குக் கிடைத்த பாராட்டு. ஈரலுக்கு வரும் கேட்டைப் பற்றிய அச்சத்தால் 2011-இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அது தடை செய்யப்பட்டது.

எண் வீணாகப் பயமுறுத்துவதைவிட, வீணாகத் தைரியம் சொல்வதுதான் எனக்கு அதிகக் கவலை. டெங்கு பரவிய ஒரு நவம்பரில் ஐந்து வயதுச் சிறுவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அம்மா வந்தார். ஐந்தாம் நாள். "காலையிலிருந்து காய்ச்சலே இல்லை, 98 தான். சத்து டானிக் ஒன்று கொடுங்கள்" என்றார். பையன் தலையைத் தூக்கவில்லை. பாதம் ஜில்லென்று இருந்தது. வயிறு வலிக்கிறது என்று முனகினான், காலையில் மூன்று முறை வாந்தி எடுத்திருக்கிறான். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் கையிலிருந்த சீட்டிலும் '100-க்கு மேல்' என்றுதான் இருந்தது. 100-க்குக் கீழே வந்தால் பிள்ளை பிழைத்தான் என்று அதைப் படித்துக்கொண்டார். டானிக் விற்காமல் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பினேன். நான்கு நாள் குளுக்கோஸ் ஏறிய பிறகு வீடு திரும்பினான்.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 வந்தால் அது சிரித்துக்கொண்டிருந்தாலும் வீட்டு வைத்தியம் கூடாது, உடனே உங்களிடம் வர வேண்டும். அங்கே எண்தான் சட்டம். அதுபோலவே 'எண் குறைவு' என்று மருந்தை மறுப்பதும் தவறு. 99 டிகிரியில் காதைப் பிடித்துக்கொண்டு வீறிடும் குழந்தைக்கு அந்த 3 மில்லியோ 6 மில்லியோ நியாயமாகச் சேர வேண்டியது. அது வலிக்கான மருந்தும் அல்லவா. காய்ச்சல் நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, உடம்பு வலியில் துவளும் பிள்ளையை மருந்தில்லாமல் கிடத்துகிற புதுவகைப் பெற்றோரையும் இப்போது பார்க்கிறேன்.

ஆகவே நான் கேட்பது சீட்டில் ஒரு வரி மாற்றம், தமிழில், பத்துக் கிலோக் குழந்தைக்கு என்றால் இப்படி: "குழந்தை வலியாலோ உடம்பு நோவாலோ அழுதால், துவண்டு தண்ணீர் குடிக்க மறுத்தால் மட்டும் 3 மில்லி (250/5 பாட்டில்). ஆறு மணி நேர இடைவெளி. தூங்கினால் எழுப்ப வேண்டாம். விளையாடினால் மருந்து வேண்டாம்." அதன் கீழே இன்னொன்று: "மூச்சு வாங்கினால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், கூப்பிட்டும் கண் திறந்து பார்க்காவிட்டால், வலிப்பு வந்தால், விடாமல் வாந்தி எடுத்தால், காய்ச்சல் எவ்வளவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே வரவும்." மில்லி அளவோடு பாட்டிலின் வீரியத்தையும் சேர்த்து எழுதினால் அந்தத் தகப்பனுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்காது. எடையைச் சீட்டின் மூலையில் குறித்துவிட்டால் நாங்களும் ஒரு முறை பெருக்கிப் பார்த்துக்கொள்வோம்.

இதையே ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்து ஆறு மாதமாகச் சிரப் பாட்டிலோடு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்து வருகிறேன். வாங்கிப் படித்துவிட்டு, "டாக்டர் 100 என்றுதானே எழுதியிருக்கிறார்?" என்று கேட்டுத் திருப்பித் தருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்