காலித் தொட்டிக்குள் நுழையும் காற்று: இயந்திரப் பொறியியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பொறியியல் கல்லூரிகளின் இயந்திரப் பொறியியல் துறைத் தலைவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

இறுதியாண்டில் படித்துக்கொண்டிருந்தபோதே கேட் தேர்வு எழுதி, இப்போது வெப்பப் பொறியியலில் முதுநிலை பயின்று வருபவன் நான். கடந்த சில மாதங்களாக, வரும் பிப்ரவரியில் அதே தேர்வை எழுதவிருக்கும் இறுதியாண்டு மாணவர்கள் ஆறு பேருடன் வார இறுதிகளில் அமர்ந்து, இரண்டாம் ஆண்டில் படித்த பாடங்களைத் திரும்பப் பார்த்து வருகிறேன். அந்த அமர்வுகளில் நான் கண்ட ஒன்றைத் தங்கள் முன் வைத்து, ஏழாம் பருவத்துக் கால அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரத்தைக் கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் வாரத்தில் நான் கொடுத்த கணக்கு இது. வெப்பக் காப்பிடப்பட்ட, விறைப்பான ஒரு தொட்டியில் காற்றே இல்லை. வெளியே வளிமண்டலக் காற்று 27 டிகிரி செல்சியஸில், அதாவது 300 கெல்வினில் இருக்கிறது. வால்வைத் திறந்ததும் காற்று உள்ளே பாய்கிறது. உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமானதும் வால்வு மூடப்படுகிறது. தொட்டிக்குள் இப்போது வெப்பநிலை என்ன? காற்றின் வெப்பக் கொள்ளளவு விகிதம் 1.4 என்று கொள்ளலாம். தெரிவுகள் எதையும் நான் தரவில்லை. விடையை எண்ணாக எழுதச் சொன்னேன்.

மூன்று பேர் 300 கெல்வின் என்று எழுதினார்கள். ஒருவர் 27-ஐ 1.4-ஆல் பெருக்கி 37.8 டிகிரி செல்சியஸ் என்றார். ஒருவர் 300-ஐ 1.4-ஆல் வகுத்து 214 கெல்வின் என்றார். ஆறாமவர் தொட்டியின் கனஅளவு தரப்படவில்லையே என்று கேட்டுவிட்டு எழுதாமல் இருந்தார். சரியான விடை 420 கெல்வின். இந்த ஆறு பேரும் மூன்றாம் பருவத்தில் வெப்ப இயக்கவியல் தாளில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். எவருக்கும் அந்தத் தாளில் அரியர் இல்லை.

300 என்று எழுதியவர்களின் வாதம் முட்டாள்தனமானது அன்று. காப்பிடப்பட்டிருப்பதால் வெப்பம் இல்லை, தொட்டி விறைப்பானதால் வேலை இல்லை, ஆகவே உள்ளாற்றல் மாறாது, வெப்பநிலையும் மாறாது என்றார்கள். இந்த வாதம் வேறொரு கணக்குக்கு முற்றிலும் சரி. காப்பிடப்பட்ட தொட்டியை நடுவில் ஒரு தடுப்பால் பிரித்து, ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் வெற்றிடமும் வைத்துத் தடுப்பை நீக்கினால், வெப்பநிலை 300 கெல்வினிலேயே நிற்கும். இரண்டும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. இரண்டிலும் காற்று வெற்றிடத்துக்குள் பாய்கிறது. வேறுபாடு எல்லையை எங்கே வரைகிறோம் என்பதில் இருக்கிறது. தடுப்புக் கணக்கில் காற்று முழுவதும் தொடக்கம் முதலே எல்லைக்குள் இருக்கிறது. வால்வுக் கணக்கிலோ எல்லையைத் தாண்டிக் காற்று உள்ளே வருகிறது. அப்படி வரும் ஒவ்வொரு துளிக் காற்றையும் அதன் பின்னால் நிற்கும் வளிமண்டலம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளலுக்கான வேலைதான் பாய்வு வேலை. அதைச் சேர்த்துக்கொள்வதால்தான் உள்ளே வரும் காற்றுக்கு உள்ளாற்றலுக்குப் பதிலாக என்தால்பியை எழுதுகிறோம். தொடக்கத்தில் உள்ளே எதுவும் இல்லாததால் கணக்கு மூன்றே வரியில் முடிகிறது:

```
m·u2 = m·h0
cv·T2 = cp·T0
T2 = 1.4 × 300 = 420 K
```

நிறை இரு பக்கமும் அடிபட்டுப் போவதால் தொட்டியின் கனஅளவு தேவைப்படவே இல்லை. ஆறாமவரின் கேள்விக்கு விடை அது. கூடுதலாக வந்த 120 கெல்வின் எங்கிருந்து வந்தது என்று அவர் அடுத்துக் கேட்டார். அந்தக் கேள்விக்காக அவரை நான் மிகவும் மதிக்கிறேன். உள்ளே நுழையப்போகும் காற்று முழுவதையும் வெளியே இருக்கும்போதே ஒரு கற்பனைப் பைக்குள் அடைத்து, அந்தப் பையையும் தொட்டியையும் சேர்த்து மூடிய அமைப்பாகக் கொள்ளச் சொன்னேன். வளிமண்டலம் அந்தப் பையை முழுவதும் நசுக்கி உள்ளே தள்ளும்போது செய்யும் வேலை, ஒரு கிலோகிராமுக்கு 0.287 × 300, அதாவது ஏறத்தாழ 86 கிலோஜூல். அதைக் காற்றின் மாறாக் கனஅளவு வெப்பக் கொள்ளளவான 0.718-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 120 கெல்வின் கிடைக்கிறது. திறந்த அமைப்பாகப் பார்த்தாலும் மூடிய அமைப்பாகப் பார்த்தாலும் ஒரே விடை வருவதைத் தம் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான், மூன்றாம் பருவத்தில் மனப்பாடமாக எழுதிய என்தால்பியின் வரையறை எதற்காக இருக்கிறது என்பது அவர்களுக்குப் புரிந்தது. உண்மையான உலோகத் தொட்டியில் சுவர் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் வெப்பமானி 420-ஐக் காட்டாது என்பதையும், கணக்கில் உள்ள காப்பு என்ற சொல் சுவரின் வெப்பக் கொள்ளளவையும் சேர்த்தே விலக்குகிறது என்பதையும் அவர்களே பேசிக் கண்டுபிடித்தார்கள்.

இதை ஒரு சூத்திரமாக எழுதி மாணவர் கையில் கொடுத்துவிடலாமே என்று தாங்கள் கருதக்கூடும். பல இடங்களில் கேட் பயிற்சி அப்படித்தான் நடக்கிறது: வெற்றுத் தொட்டி என்றால் 1.4-ஆல் பெருக்கு. அதன் விளைவைச் சோதிக்க அடுத்த வாரம் கணக்கைச் சிறிது மாற்றினேன். தொட்டியில் முன்பே 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் 300 கெல்வின் காற்று இருக்கிறது. 500 கிலோபாஸ்கல், 300 கெல்வினில் உள்ள குழாயிலிருந்து காற்றைச் செலுத்தி, தொட்டியின் அழுத்தம் 500 ஆனதும் நிறுத்துகிறோம். சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்த இருவர் மீண்டும் 420 என்றார்கள். முன்பே உள்ளே இருந்த காற்றின் உள்ளாற்றலையும் சேர்த்து எழுதினால், கனஅளவு அடிபட்டபின் எஞ்சுவது இதுதான்:

```
500 − 100 = (500/T2 − 100/300) × 420
T2 ≈ 388.9 K
```

எல்லையை வரைந்து, உள்ளே முதலில் என்ன இருந்தது, என்ன வந்தது, இறுதியில் என்ன இருக்கிறது என்று எழுதத் தொடங்கிய நால்வரும் இதை அடைந்தார்கள். அவர்களில் ஒருவர் விடையை எழுதும் முன்பே, அது 300-க்கும் 420-க்கும் இடையில்தான் இருக்க வேண்டும் என்றார். என் பார்வையில், ஒரு மாணவருக்கு அடிப்படை திரும்பியிருக்கிறதா என்பதை அறிய இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

பல்கலைக்கழகத் தேர்வில் இந்தக் குறை வெளிப்படாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே படிநிலைகளுக்கு மதிப்பெண் உண்டு. ஆற்றல் சமன்பாட்டை எழுதி, மதிப்புகளைப் பிரதியிட்டாலே பாதிக்கு மேல் கிடைத்துவிடும். நீராவி அட்டவணையும் தரவுப் புத்தகமும் கையில் இருக்கும். கேட் தேர்வில் 3 மணி நேரத்தில் 65 வினாக்கள், 100 மதிப்பெண்கள். எண்ணாக விடை தட்டச்சு செய்யும் வினாக்களில் தெரிவுகளும் இல்லை, படிநிலை மதிப்பெண்ணும் இல்லை. விடை குறிப்பிட்ட எல்லைக்குள் விழ வேண்டும், இல்லையேல் சுழியம். தவறுக்கு அவ்வகையில் மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்றாலும், இரண்டு மதிப்பெண் தெரிவு வினாவில் ஒரு தவறுக்கு மூன்றில் இரண்டு மதிப்பெண் போய்விடும். அங்கே 300-ம் 420-ம் அருகருகே தெரிவுகளாக நிற்கும். அட்டவணைகளை உடன் கொண்டுசெல்ல இயலாது. சொந்தக் கணிப்பானும் கூடாது, திரையில் தோன்றும் கணிப்பானைச் சுட்டியால் அழுத்தியே கணக்கிட வேண்டும்.

இறுதியாண்டு மாணவருக்கு நேரம் எப்படிப் போகிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஏழாம் பருவத்தின் பாடங்கள், வளாக வேலைவாய்ப்பு நேர்காணல்கள், திட்டப்பணியின் முதல் மதிப்பாய்வு, நவம்பர், டிசம்பரில் பருவத் தேர்வு எல்லாம் முடிந்து நிமிரும்போது தேர்வுக்கு ஐந்தாறு வாரங்களே எஞ்சியிருக்கும். அந்த வாரங்களில் பழைய வினாத்தாள்களைப் போடலாமே தவிர, இரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன ஒரு கருத்தை மீட்க இயலாது. மாணவர்களும் அங்கேயே தவறு செய்கிறார்கள். ஜூலையில் வினா வங்கியில் தொடங்கி, விடை வராதபோது தீர்வைப் பார்த்து, அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். தீர்வைப் படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். நானும் அப்படித்தான் இரண்டு மாதங்களை இழந்தேன். என் கல்லூரியில் ஒரு முறை பாய்வு வேலை குறித்துக் கேட்டபோது, இறுதியாண்டில் வந்து இரண்டாம் ஆண்டுக் கேள்வியா என்ற பதில் வந்தது; அதற்குப் பின் நான் கேட்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் தனியார் பயிற்சி மையத்தைக் கல்லூரிக்குள் கொண்டுவருவது அன்று. ஏழாம் பருவத்தின் முதல் பன்னிரண்டு வாரங்களில், வாரம் ஒரு மணி நேரம், இரண்டாம் ஆண்டில் அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியரே இறுதியாண்டு மாணவர்களுடன் அமர வேண்டும். ஒரு மணிக்கு ஒரே கணக்குப் போதும். தெரிவுகள் இல்லாமல் கொடுத்து, பதினைந்து நிமிடம் தனியாகப் போடவிட்டு, வந்த விடைகள் அனைத்தையும் பெயர் குறிப்பிடாமல் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு தவறான விடையும் எந்த எண்ணத்திலிருந்து பிறந்தது என்று தேட வேண்டும். 37.8 என்ற விடை, முழு வெப்பநிலை ஏன் வேண்டும் என்ற பேச்சைத் திறக்கும். 300 என்ற விடை, எல்லை என்ற சொல்லைத் திறக்கும். அதன்பின் அதே கணக்கின் ஒரு நிபந்தனையை மாற்றி, அடுத்த வாரத்துக்குக் கொடுத்தனுப்பலாம்.

வரிசையும் முக்கியம். வெப்ப இயக்கவியலும் பொருள் வலிமையும் முதலில் வர வேண்டும். பாய்ம இயக்கவியல், வெப்பக் கடத்தல், இயந்திரப் பாகங்களின் வடிவமைப்பு ஆகியவை அவற்றின் மேல் நிற்பவை. பொறியியல் கணிதத்துக்கு ஏறத்தாழ 13 மதிப்பெண்கள் இருப்பதால் அதற்கு இரண்டு வாரங்களாவது வேண்டும். உற்பத்திப் பொறியியலின் சில பகுதிகளுக்கு இந்த முறை அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே நினைவில் வைக்க வேண்டியவை மிகுதி என்பதால் அவற்றை ஜனவரிக்கு விட்டுவிடலாம். கணினி ஆய்வகத்தில் ஓரிரு மணி நேரம் திரைக் கணிப்பானில் பழக இடம் தந்தால், அடுக்குகளையும் மடக்கைகளையும் அதில் இடும்போது ஏற்படும் தடுமாற்றம் தேர்வு நாளில் இராது.

இதற்குத் தனி நிதியோ புதிய ஆசிரியரோ வேண்டியதில்லை. ஆகஸ்டில் எந்தத் துறையாவது தொடங்க முன்வந்தால், இந்த ஆறு மாணவர்களுடன் நான் போட்ட கணக்குகளையும், அவற்றுக்கு வந்த தவறான விடைகளையும் அவற்றின் காரணங்களுடன் எழுதி அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
இறுதியாண்டில் கேட் எழுதிய ஒரு முன்னாள் மாணவன்