ஆழாக்கு மல்லியும் கிலோ விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோயம்பேட்டில் மல்லி கிலோ என்ன விலை என்று உங்கள் நாளிதழில் தினமும் போடுகிறீர்கள். ஆனால் எங்கள் தெருவுக்கு வரும் பூக்காரம்மாவிடம் கிலோ என்ற பேச்சே கிடையாது. உதிரிப்பூ என்றால் ஆழாக்குதான். அதுவும் பழைய பித்தளை ஆழாக்கு இல்லை, அடி உள்ளே குழிந்த ஒரு பிளாஸ்டிக் கப்.

இரண்டையும் பொருத்திப் பார்க்கலாமே என்று, வாங்கிய பூவை வீட்டில் சமையல் தராசில் போட்டேன். சாதாரண நாளில் ஆழாக்கு 30 ரூபாய், எடை 40 கிராம். கிலோவுக்கு 25 கப், அதாவது 750 ரூபாய். உங்கள் நாளிதழில் அன்று மொத்த விலை 450. விடியற்காலையில் போய் வாங்கி, பஸ்ஸில் சுமந்து வந்து, வாடியதைக் கொட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் நியாயம்தான்.

அடுத்த வாரம் முகூர்த்த நாள். "இன்னிக்கு ஏறிடுச்சும்மா, எழுபது" என்றார். சரி, இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். தராசில் 35 கிராம்தான் இருந்தது. கணக்குப் போட்டால் கிலோ 2,000! கோபமாகத்தான் நாளிதழைப் பிரித்தேன். மொத்த விலை 1,200 என்று இருந்தது. அங்கே ஏறிய அதே விகிதத்தில்தான் இங்கேயும் ஏறியிருக்கிறது. அந்த அம்மா ஏற்றத்தைப் பெரும்பாலும் விலையிலும், மிச்சத்தைக் கப்பிலும் வைத்திருக்கிறார். மற்ற நாளில் விரல்களைக் கப்பின் வாயைச் சுற்றி அணைகட்டிக் கோபுரமாக அளக்கும் கை, அன்று விளிம்போடு நின்றுவிட்டது. எழுபது என்ற சொல் காதில் விழுகிறது, குறைந்த 5 கிராம் விழுவதில்லை.

சாயந்தரம் வாங்கினால் இன்னொரு சங்கதி. காலையில் இறுக்கமான மொட்டு கப்பில் நெருங்கி உட்காரும். பொழுது சாய்ந்து இதழ் விரியத் தொடங்கியதும் கொஞ்சம் பூவே கப்பை நிறைத்துவிடும். விலை இறங்கிவிட்டது என்று சாயந்தரம் கொடுக்கிற ஆழாக்கில் எண்ணிக்கையும் இறங்கியிருக்கும்.

ஆழாக்கு, படி என்று விலை சொல்வது எடையளவுச் சட்டப்படி செல்லாது. அதற்காகத் தெருவில் கூடை வைத்திருக்கிறவர் மேல் அதிகாரிகளை ஏவச் சொல்லவில்லை. "நூறு கிராம் என்ன விலை?" என்று கேட்டால் பலர் கைத்தராசை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அப்போது பூவின் ஈரத்தைப் பார்க்க வேண்டும். தெளித்த தண்ணீரும் எடையில் சேரும். ஒரு பிடி அள்ளிக் கையை உதறினால் துளி தெறிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: மல்லி விலையைப் போடும்போது நூறு கிராமுக்கு எவ்வளவு என்றும், அது எத்தனை மணி விலை என்றும் சேர்த்துப் போடுங்கள். முகூர்த்த நாளில் விடிகாலை விலையும் ஒன்பது மணி விலையும் ஒன்றில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை