கோமதிக்கு, கேசரிப் பருப்பு பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. பிலாஸ்பூர் குளிர் உனக்குப் பழகிவிட்டது என்று அறிந்து நிம்மதி. இங்கே எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பேத்திக்குப் பொதுத்தேர்வு நெருங்குவதால் வீட்டில் தொலைக்காட்சிக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம்.

பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்த திவரா கீரையைச் சாப்பிட்டுவிட்டு, அதே செடியின் பருப்புதான் காலை முடக்கும் கேசரிப் பருப்பு என்று யாரோ சொன்னதும் கலங்கிப் போய் எழுதியிருக்கிறாய். பயப்படாதே. கீரையிலும் அந்த நஞ்சு உண்டு, பருப்பில் நிறையவே உண்டு. ஆனால் சோற்றோடு எப்போதோ ஒரு கரண்டி தொட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை. அந்தப் பருப்பே சோறாகிப் போனவர்களுக்குத்தான் வருகிறது. சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுவாகவே இருந்து, இரண்டு மூன்று மாதம் அப்படியே ஓடினால் ஆபத்து என்பது பொதுவான கணக்கு.

உன் ஊருக்கு வடமேற்கே, சாகர் பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே அதிகாரியாக இருந்த ஸ்லீமன் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். 1829-இல் ஆலங்கட்டி மழை கோதுமையை அழித்தது. 1830-இல் பருவ மழை பொய்த்தது. 1831-இல் பயிர் நோய் மிச்சத்தையும் தின்றது. கோதுமைக்கு நடுவே மாட்டுக்காக விட்டு வைத்திருந்த கேசரி மட்டும் செழித்து நின்றது. மக்கள் அதை அறுத்துத் தானியத்தைத் தாங்கள் உண்டார்கள், தழையை மாட்டுக்குப் போட்டார்கள். 1833-இல் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இடுப்புக்குக் கீழே கால்கள் திடீரென்று வலுவிழக்கத் தொடங்கின. அவர் பார்த்த ஒரு கிராமத்தில் இளையவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டே ஆண்டுகளில் பாதிக்கப்பட்டார்கள். பஞ்சத்தில் அவர்கள் உயிரைக் காப்பாற்றியது அந்தப் பருப்பு. அதை நினைத்தால்தான் எனக்கு மனது ஆறுவதில்லை.

நஞ்சு என்னவென்று தெரிய 1964 ஆகிவிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா மூவரும் விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஓடாப் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அது ஓர் அமினோ அமிலம். நம் மூளையில் நரம்பணுக்களைத் தூண்டும் குளுட்டமேட்டின் சாயல் அதற்கு இருக்கிறது. அந்தச் சாயலால் நரம்பணுவை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருந்து கடைசியில் அதைச் சாகடிக்கிறது. அதிகம் அடிபடுவது மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகக் கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் நீண்ட நரம்புகள். செத்த நரம்பு திரும்ப முளைப்பதில்லை. அதனால் பருப்பை நிறுத்தினால் நோய் பெரும்பாலும் அதற்கு மேல் முற்றாது, ஆனால் போன நடை திரும்பி வராது. தசை இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தும் மாத்திரைகள் உண்டு, அவ்வளவே.

சந்தையில் பார்த்த பெரியவரைப் பற்றி எழுதியிருந்தாயே, இரண்டு கோல் ஊன்றி, குதிகால் தரையில் படாமல், ஒரு முழங்காலை மற்றொன்று உரசிக் குறுக்கே வர நடந்தார் என்று. இத்தனை ஆண்டு நரம்பு நோயாளிகளைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன், நீ எழுதியது கேசரி வாதத்தின் நடை போலவே இருக்கிறது. பக்கவாதமாக இருந்தால் ஒரு பக்கக் கையும் காலும் சேர்ந்து போயிருக்கும். போலியோவாக இருந்தால் கால் சூம்பித் துவண்டு தொங்கும். இதிலோ இரண்டு கால்களும் விறைத்து இறுகியிருக்கும். முழங்காலுக்குக் கீழே லேசாகத் தட்டினாலே கால் துள்ளும். தொட்டால் உணர்வு தெரியும், புத்தி தெளிவாக இருக்கும், கைகள் பெரும்பாலும் வேலை செய்யும். ஆக்ட்டன் என்ற மருத்துவர் 1922-இலேயே இதைப் படிகளாகப் பிரித்தார்: கோல் இல்லாமல் நடப்பவர், ஒரு கோல்காரர், இரு கோல்காரர், தவழ்பவர். உன் பெரியவர் மூன்றாம் படி. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டக்கூடாது. தண்டுவடத்தில் கட்டியோ காசநோயோ இருந்தாலும் கால்கள் இப்படி விறைக்கும். இளமையில் அவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால்தான் தெரியும்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் அநியாயம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்து ரேவா மாவட்டத்தில் நிலமில்லாத கூலிகளுக்குப் பண்ணையார்கள் காசு கொடுக்காமல் பிர்ரி என்ற கேசரி கலந்த தானியத்தைக் கூலியாக அளந்தார்கள். கடனுக்குக் கட்டுப்பட்டவன் வேறு எங்கே போவான்? அளந்ததைத்தான் ரொட்டியாகத் தட்டித் தின்ன வேண்டும். அதே ஊரில் அதே பருப்பைப் பயிரிட்ட நிலக்காரர் வீட்டில் கோதுமை, பால், காய்கறியோடு உண்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஓடியாடினார்கள். 1961-இல் விற்பனைக்குத் தடை வந்தது. எல்லா மாநிலங்களும் அதை ஏற்கவில்லை. வயலிலேயே அளக்கும் கூலியைக் கடைக்கான தடை எப்படித் தடுக்கும்?

நீ கேட்ட இன்னொன்று, வேகவைத்தால் நஞ்சு போகாதா என்பது. வேகவைத்த நீரோடு சேர்த்து உண்டால் பெரும்பாலும் போகாது. நஞ்சு நீரில் கரையக்கூடியது. நிறையக் கொதிநீரில் ஊறவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுப் பிறகு சமைத்தால் பெரும்பகுதி குறைகிறது. பஞ்ச காலத்தில் தண்ணீருக்கும் விறகுக்கும் எங்கே போவது என்பதுதான் சிக்கல். எத்தியோப்பியாவில் 1990-களில் இந்த நோய் பரவியபோது ஆராய்ந்தவர்கள், இந்தப் பருப்பை வறுத்தும் அவித்தும் பச்சைக் காயாகவும் தின்றவர்களுக்கு ஆபத்து கூடியதையும், தானியம் கலந்து உண்டவர்களுக்குக் குறைந்ததையும் கண்டார்கள். கேசரியில் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. தானியங்கள் அதை ஈடுகட்டுகின்றன. உன் தட்டில் சோறு இருக்கிறதே, அதுவே உனக்குக் காவல்.

விவசாயி இதை ஏன் விடமாட்டேன் என்கிறான் என்று அங்கேயே பார்க்கலாம். நெல் அறுப்பதற்கு முன்பே ஈர வயலில் விதையைத் தூவிவிடுகிறார்கள். உழவு இல்லை, பாசனம் இல்லை. நம் தஞ்சாவூர் வயல்களில் சம்பா அறுவடைக்கு முன் உளுந்து தெளிப்பார்களே, அதே முறை. மழை பொய்த்தாலும் கேசரி நிற்கும். கொடுமை என்னவென்றால், வறட்சியில் வளர்ந்த செடியின் விதையில் நஞ்சும் கூடுகிறது. நஞ்சு குறைந்த ரத்தன், பிரதீக், மகாதியோரா போன்ற ரகங்களை நம் விஞ்ஞானிகள் உருவாக்கியிருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் தேனீ பக்கத்து வயலின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடுகிறது. விதையைத் தனியே காத்து அவ்வப்போது மாற்றாவிட்டால் ரகத்தின் குணம் நீர்த்துப் போகும்.

கீரையைக் கொடுத்த அம்மாளிடம் மறுக்காமல் வாங்கிக்கொள். உன் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் வீட்டில் அரிசி தீர்ந்த மாதங்களில் என்ன சமைக்கிறார்கள் என்று மட்டும் ஒருமுறை பதமாகக் கேட்டுப் பார். திவரா மட்டும்தான் என்றால், கொஞ்சம் அரிசி கொடுத்தனுப்பு, பருப்பைக் கொதிநீரில் ஊறவைத்து அந்த நீரை வடிக்கச் சொல். அந்தப் பெரியவரைத் திரும்பப் பார்த்தால், எந்த வயதில் கால் போனது, அப்போது கூலி எதில் வாங்கினார் என்று கேட்டு எழுது. உன் மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

உன்
விசாலாட்சி